வீடியோவை எந்த நிமிடத்தில் நிறுத்தினார்கள்?

கல்லூரிச் சேர்க்கைக்கு முன்பாக, பிள்ளைகள் கையில் வைத்திருக்க வேண்டிய சான்றிதழ்கள் பற்றி நமது டிரஸ்ட் இணையவழியில் ஒரு வழிகாட்டி நிகழ்ச்சி நடத்தியது நமது வாசகர்களுக்கு நினைவிருக்கும். இஷா தொழுகைக்குப் பின் ஜூமில் நடந்த அந்நிகழ்ச்சியின் பதிவு மறுநாளே டிரஸ்டின் யூடியூப் சேனலில் ஏற்றப்பட்டது. 1 மணி 12 நிமிடம் ஓடும் வீடியோ. இரண்டு மாதங்களில் அதற்கு 412 பார்வைகள் கிடைத்தன. நம்மைப் போன்ற ஒரு சிறிய மஹல்லாவுக்கு இது நல்ல எண்ணிக்கைதான்.

ஆனால் அதே இரண்டு மாதங்களில் அலுவலகத்துக்கு வந்த பெற்றோர்கள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். "சாதிச் சான்றிதழ் மனுவில் முஸ்லிம் என்று மட்டும் போட்டால் போதாதா?" போதாது. தமிழ்நாட்டில் 2007 முதல் இருந்து வரும் 3.5 சதவீதத் தனி இடஒதுக்கீட்டின் கீழ் வர வேண்டுமானால், பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் பட்டியலில் உள்ள பிரிவு ஒன்றின் பெயர் சான்றிதழில் இருக்க வேண்டும். ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, தக்கனி, மாப்பிள்ளை, துதேகுலா, அன்சார், ஷேக், சையது ஆகியவை அந்தப் பிரிவுகள். இதைப் பேச்சாளர் வீடியோவின் 46-வது நிமிடத்தில் மிகத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். கேள்வி கேட்டு வந்தவர்களில் பலர் "வீடியோவைப் பார்த்தோமே" என்றும் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. எதுவரை பார்த்தார்கள் என்பதுதான் விஷயம்.

அதை அறிய ஒரு வழி இருக்கிறது. பயான்களையும் மக்தப் பாடங்களையும் டியூஷன் வகுப்புகளையும் யூடியூபில் ஏற்றுகிற இளைஞர்கள் நம் பகுதியில் இன்று பலர் இருப்பதால், நாங்கள் அதை எப்படி வாசித்தோம் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

சேனலின் சொந்தக்காரர் YouTube Studio என்ற பக்கத்துக்குள் சென்று, ஒரு வீடியோவைத் தேர்ந்தெடுத்து Analytics என்பதை அழுத்தினால், Key moments for audience retention என்ற தலைப்பில் ஒரு கிராஃப் தெரியும். வீடியோ ஏற்றிய அன்றே அது வந்துவிடாது. கணக்குச் சேர ஓரிரு நாள் ஆகும். கிராஃபின் கீழ்க்கோடு வீடியோவின் நேரம். பக்கவாட்டுக் கோடு சதவீதம். கோட்டின் எந்த இடத்தில் விரலையோ மௌஸையோ வைத்தாலும் அந்த நேரமும் அதற்குரிய சதவீதமும் தெரியும்.

இந்தச் சதவீதம் எதைச் சொல்கிறது என்பதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. 20-வது நிமிடத்தில் 36 சதவீதம் என்றால், மொத்தப் பார்வைகள் நூறு என்று வைத்துக்கொண்டால் அந்த 20-வது நிமிடம் 36 முறை ஓடியிருக்கிறது என்று பொருள். முதலிலிருந்து விடாமல் உட்கார்ந்து பார்த்தவர்கள் 36 பேர் என்று பொருளல்ல. இடையில் தள்ளிவிட்டு அங்கே வந்து சேர்ந்தவரும் அதில் இருப்பார். அந்த இடத்தை இரண்டு முறை போட்டுப் பார்த்தவர் இரண்டு முறை எண்ணப்பட்டிருப்பார். அதனால்தான் இந்தக் கோடு சில இடங்களில் ஏறவும் செய்கிறது. ஒருமுறை எழுந்து போனவர்கள் திரும்பி வரவே முடியாத ஒரு கூட்டத்தின் தலைக்கணக்காக இருந்தால் கோடு இறங்கத்தானே செய்யும், ஏறவே ஏறாதே. இது தலைக்கணக்கு அல்ல. ஒவ்வொரு நிமிடமும் எத்தனை முறை ஓடியது என்ற கணக்கு. ஒரே போனில் வாப்பா, உம்மா, பிள்ளைகள் என்று நான்கு பேர் சேர்ந்து பார்த்திருந்தாலும் அது ஒரு பார்வைதான்.

இனி நமது வீடியோவுக்கு வருவோம்.

தொடக்கத்தில் கோடு செங்குத்தாக விழுகிறது. 30-வது வினாடியிலேயே 64 சதவீதம்தான் மிஞ்சியிருக்கிறது. முதல் முறை கிராஃபைப் பார்ப்பவர்கள் இந்த இடத்தைக் கண்டு மனம் உடைந்து போவார்கள். அப்படி ஆக வேண்டியதில்லை. தவறிக் கை பட்டுத் திறந்தவர், வேறு எதையோ தேடி வந்தவர், "பிறகு பார்க்கலாம்" என்று மூடியவர் எல்லாரும் இந்த அரை நிமிடத்தில்தான் கழிகிறார்கள். எந்த வீடியோவிலும் இந்த விழுதல் உண்டு. இதைக் குறைக்க விரும்பினால் திருத்த வேண்டியது தலைப்பையும் முகப்புப் படத்தையும்தான். அவை ஒன்றைச் சொல்லி, வீடியோ வேறொன்றில் தொடங்கினால் விழுதல் கூடும்.

அடுத்த இரண்டு நிமிடங்களில், அதாவது 2:30 வரை, கோடு 64-லிருந்து 52-க்கு வருகிறது. இங்கே வீடியோவில் என்ன நடக்கிறது? "சத்தம் கேட்குதா பாய்?", "எல்லாரும் மைக்கை ஆஃப் பண்ணிக்கோங்க", "இன்னும் இரண்டு பேர் வரணும்." நேரலையில் இவை தேவையான பேச்சுகள். பதிவைப் பார்ப்பவருக்கு இவற்றால் ஒரு பயனும் இல்லை.

அதன்பின் 2:30 முதல் 5:00 வரை கிராஅத். இங்கே கோடு 52-லிருந்து 49-க்குத்தான் இறங்கியிருக்கிறது. இதைக் குறிப்பிட்டுச் சொல்லக் காரணம் உண்டு. கிராஃபைப் பற்றிப் பேசத் தொடங்கியதும், பதிவில் கிராஅத் இருப்பதால்தான் ஆட்கள் போய்விடுகிறார்கள் போலும், அதை எடுத்துவிடலாமா என்று ஒரு கருத்து வந்தது. முதல் ஐந்து நிமிடத்தில் மொத்தமாகப் பாதிப் பேர் குறைந்திருப்பதை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஒவ்வொரு பகுதியாகப் பிரித்துப் பார்த்தபோது, அந்த ஐந்து நிமிடத்தில் கோடு அமைதியாக இருந்தது கிராஅத் ஓதப்பட்ட இடத்தில்தான் என்று தெரிந்தது. வெட்டியது முதல் இரண்டரை நிமிடத்தை மட்டும்.

5-வது நிமிடம் முதல் 13-வது நிமிடம் வரை வரவேற்புரை, விருந்தினர் அறிமுகம். கோடு 49-லிருந்து 31 வரை சரிகிறது. 13-வது நிமிடத்தில் பேச்சாளர் "வருமானச் சான்றிதழ்" என்று தொடங்குகிறார். கோடு ஏறுகிறது! 14-வது நிமிடத்தில் 38 சதவீதம்.

இந்தப் பள்ளம்தான் கிராஃப் வாசிப்பின் முதல் பாடம். விழுந்த கோடு திரும்ப ஏறினால், அங்கே ஆட்கள் வெளியேறவில்லை, தாண்டிக் குதித்திருக்கிறார்கள். வரவேற்புரையில் இழந்தது 18 புள்ளி. அதில் 7 புள்ளி பேச்சு தொடங்கிய இடத்தில் திரும்பி வந்திருக்கிறது. 412 பார்வைகளில் 7 சதவீதம் என்பது ஏறக்குறைய 29. இவர்களுக்கு நிகழ்ச்சியில் ஆர்வம் குறையவே இல்லை. சொல்லப்போனால் மற்றவர்களைவிட அதிக ஆர்வம் என்றுகூடச் சொல்லலாம். விஷயம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்து வந்தவர்கள். திரும்பாத 11 புள்ளிதான் உண்மையான இழப்பு. ஏறாமல் அப்படியே கீழேயே தொடரும் விழுதலையும், ஏறி வரும் பள்ளத்தையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. யூடியூபே சில இடங்களை Dips என்றும் Spikes என்றும் குறித்துக் காட்டும். ஆனால் முதல் பெயருக்குள் தாண்டியவர், விட்டுப் போனவர் இருவருமே அடக்கம். பிரித்துப் பார்க்கும் வேலை நம்முடையது.

14-லிருந்து 27-வது நிமிடம் வரை வருமானச் சான்றிதழும் முதல் பட்டதாரிச் சான்றிதழும். இ-சேவை மையத்தில் என்ன கொடுக்க வேண்டும், எந்த இடத்தில் மனு திருப்பி அனுப்பப்படுகிறது என்று பேச்சாளர் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். கோடு 38-லிருந்து 34-க்கு வந்திருக்கிறது. ஏறக்குறைய படுத்துக் கிடக்கிறது. போன் வந்தது, பிள்ளை அழுதது, நெட் தீர்ந்தது என்று இயல்பாகக் குறைபவர்கள் எப்போதும் உண்டு. அந்த இயல்பான தேய்மானம் நமது வீடியோவில் எவ்வளவு என்பதை இந்தப் பதின்மூன்று நிமிடம் காட்டிக்கொடுத்தது. மற்ற இடங்களை இதோடு ஒப்பிட்டால்தான் எங்கே கூடுதலாகப் போகிறார்கள் என்று சொல்ல முடியும்.

ஒப்பிடும்போது ஒரு சிறு கணக்குப் போட வேண்டியிருக்கிறது. வெறும் கண்ணால் கோட்டின் சரிவைப் பார்த்தால் ஏமாந்து போவோம். வீடியோவின் பிற்பகுதியில் இரண்டு இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 34-லிருந்து 46-வது நிமிடம் வரை இடஒதுக்கீட்டின் சட்ட வரலாறு; கோடு 24-லிருந்து 17-க்கு இறங்குகிறது. 12 நிமிடத்தில் 7 புள்ளி. 49-லிருந்து 68-வது நிமிடம் வரை கேள்வி பதில். 17-லிருந்து 9-க்கு இறங்குகிறது. 19 நிமிடத்தில் 8 புள்ளி. கண்ணுக்கு இரண்டாவது சரிவு மெதுவானதாகத் தெரியும். ஆனால் அங்கே இழப்பதற்கு மிஞ்சியிருந்ததே 17 புள்ளிதான். ஆகவே, எத்தனை புள்ளி போனது என்பதை, அந்தப் பகுதியின் தொடக்கத்தில் எத்தனை இருந்தது என்பதால் வகுக்க வேண்டும். வரலாற்றுப் பகுதியில் 24-ல் 7 போனது. இருந்தவர்களில் 29 சதவீதம். நிமிடத்துக்கு ஏறக்குறைய 2.4 சதவீதம். கேள்வி பதிலில் 17-ல் 8 போனது, 47 சதவீதம். நிமிடத்துக்கு ஏறக்குறைய 2.5 சதவீதம். இரண்டும் சமம். மேலே சொன்ன அமைதியான பகுதியில் இதே கணக்கைப் போட்டால், 38-ல் 4, பதின்மூன்று நிமிடத்தில், நிமிடத்துக்கு 0.8 சதவீதம்தான். அதாவது வரலாற்றிலும் கேள்வி பதிலிலும் இயல்பான தேய்மானத்தைப் போல மூன்று மடங்கு வேகத்தில் ஆட்கள் போயிருக்கிறார்கள். கேள்வி பதிலில் அது கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருந்தது.

கேள்வி பதில் பகுதி பதிவில் கசப்பது ஏன் என்பது யோசித்தால் புரியும். நேரலையில் இருப்பவர் தன் கேள்வி எப்போது வரும் என்று காத்திருக்கிறார். அதனால் மற்றவர் கேள்விகளையும் பொறுமையாகக் கேட்கிறார். பதிவைப் பார்ப்பவருக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. "என் மகள் பன்னிரண்டாம் வகுப்பை வேறு மாநிலத்தில் படித்தாள்" என்று ஒருவர் தொடங்கியதும், தன் பிள்ளை இங்கேயே படித்தவன் என்றால் மூடிவிடுகிறார். நியாயம்தானே. நேரலையின் ஆள் எண்ணிக்கையை வைத்துப் பதிவைக் கணிக்க முடியாது என்பதற்கும் இதுவே காரணம். நேரலையில் தள்ளிவிட்டுப் போக வழியில்லை. மரியாதைக்காக இருப்பவர்களும் உண்டு.

இப்போது இந்த வீடியோவின் மிக முக்கியமான இடம். 27-வது நிமிடத்தில் பேச்சாளர் தேவையான ஆவணங்களின் பட்டியலைத் திரையில் காட்டுகிறார். கோடு மலை போல் எழும்பி 47-ஐத் தொடுகிறது. 30-வது நிமிடத்தில் 33-க்கு வந்துவிடுகிறது. அத்தோடு நிற்காமல் 34-வது நிமிடத்தில் 24.

எழும்பியதற்குக் காரணம் எளிதில் தெரிந்தது. பட்டியலை எழுதிக்கொள்ளப் பின்னால் தள்ளித் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். இன்னொன்றும் நடந்திருக்கிறது. யாரோ ஒரு நல்ல மனிதர், பட்டியல் வரும் இடத்திலிருந்தே தொடங்கும்படி வீடியோவின் இணைப்பை வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பியிருக்கிறார். இணைப்பின் கடைசியில் `&t=1630s` என்று சேர்த்துவிட்டால் வீடியோ 1630-வது வினாடியில், அதாவது 27 நிமிடம் 10 வினாடியில் திறக்கும். அப்படி வந்தவர்கள் பட்டியலைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆகவே 47-லிருந்து 33-க்கு விழுந்ததை இழப்பாகவே எண்ண வேண்டாம். கூடுதலாக வந்தவர்களும் இரண்டாம் முறை பார்த்தவர்களும் கழிந்து, கோடு பழைய மட்டத்துக்கு வந்திருக்கிறது. 27-வது நிமிடத்துக்கு முன்பு இருந்த 34-ஐயும் பிறகு வந்த 33-ஐயும் பாருங்கள்.

சிக்கல் அதற்கடுத்த நான்கு நிமிடங்களில்தான். 33-லிருந்து 24. இருந்தவர்களில் 27 சதவீதம் பேர் நான்கே நிமிடத்தில் போயிருக்கிறார்கள். நிமிடத்துக்கு ஏறக்குறைய 7 சதவீதம். பேச்சு தொடங்கியதற்குப் பிறகு, நன்றியுரையைத் தவிர்த்து, வேறெங்கும் இந்த வேகம் இல்லை. பேச்சாளர் சலிப்பூட்டும்படி எதையும் பேசவும் இல்லை. பட்டியலில் உள்ளவற்றை எந்த வரிசையில் வாங்குவது என்று பயனுள்ள விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். பிறகு ஏன் போனார்கள்?

இங்கே கிராஃப் வாய் திறக்காது. போனார்கள் என்று காட்டும்; ஏன் என்று சொல்லாது. அதை ஆட்களிடம்தான் கேட்க வேண்டும். அலுவலகத்துக்கு வந்தவர்களிடம், வீடியோவைப் பார்த்தேன் என்று சொன்னவர்களிடம் மட்டும், "எந்த இடத்தில் நிறுத்தினீர்கள்?" என்று கேட்டோம். "பிடித்ததா?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் நம் மக்கள் "மாஷா அல்லாஹ், நல்லா இருந்துச்சு" என்றுதான் சொல்வார்கள். எந்த இடத்தில் என்று கேட்டபோது பதில் ஏறத்தாழ ஒரே மாதிரி வந்தது. ஒரு தாயார் தன் போனையே எடுத்துக் காட்டினார். பட்டியல் திரையில் இருந்த நேரத்தில் எடுத்த ஸ்கிரீன்ஷாட். "லிஸ்ட்டுதான் கிடைச்சிருச்சே, அதோட நிறுத்திட்டேன்."

அவருக்கு ஆர்வம் குறையவில்லை. வந்த வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தார். அந்தப் பட்டியலின் மூன்றாவது வரி "சாதிச் சான்றிதழ்" என்று மட்டும் சொல்கிறது. அதில் பிரிவின் பெயர் எப்படி இருக்க வேண்டும் என்பது 46-வது நிமிடத்தில், வரலாறு முடிந்த பிறகு வருகிறது. வீடியோவின் 46-லிருந்து 49 வரையிலான மூன்று நிமிடங்களில் கோடு 17-லேயே அசையாமல் நிற்கிறது. அங்கே இருந்தவர்கள் யாரும் போகவில்லை. போக மனம் வராத அளவுக்கு அது தேவையான செய்தி. ஆனால் 17 சதவீதம் என்பது 412-ல் ஏறக்குறைய 70 பார்வைகள். மீதி 340-க்கும் மேற்பட்ட பார்வைகளில் அந்த மூன்று நிமிடம் ஓடவே இல்லை.

ஆக, கீழே இறங்கும் கோடு ஒன்றாகத் தெரிந்தாலும் இறங்கியவர்கள் ஒரே வகை அல்ல. முதல் அரை நிமிடத்தில் போனவர் வீடு மாறி வந்தவர். வரவேற்புரையில் பள்ளம் விழுத்தியவர்களில் ஒரு பங்கினர் அவசரக்காரர்கள். வரலாற்றில் போனவர்கள் உண்மையிலேயே ஆர்வம் இழந்தவர்கள். அந்த இடத்தை மீண்டும் ஓட்டிப் பார்த்தால், "இனி இதன் பின்னணியைக் கொஞ்சம் பார்ப்போம்" என்ற வாக்கியத்திலிருந்து சரிவு தொடங்குவது தெரியும். பட்டியலுக்குப் பின் போனவர்களோ நிறைவோடு போனவர்கள். இவர்களை எப்படி அடையாளம் காண்பது என்றால், விழுதலுக்குச் சற்று முன்பு ஒரு மேடு இருக்கும். முன்னால் மேடு இல்லாமல் கோடு சரிந்தால் சலிப்பைச் சந்தேகியுங்கள். மேடு எழுந்து, அது அடங்கிய பிறகும் சரிவு நிற்காமல் தொடர்ந்தால், "கிடைத்துவிட்டது" என்று போனவர்களைச் சந்தேகியுங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு. சலித்தவருக்குப் பேச்சைச் சுருக்க வேண்டும். நிறைந்து போனவருக்குச் சுருக்கி ஒரு பயனும் இல்லை. அவர் எழுந்திருக்கும் முன்பே அடுத்து வரும் தேவையை அவர் கண்ணில் காட்ட வேண்டும்.

இடத்தைத் தேடும்போது ஒரு எச்சரிக்கை. கோடு விழத் தொடங்கும் வினாடியில் ஓடும் சொல்லைக் குற்றம் சொல்லாதீர்கள். சலித்தவர் உடனே நிறுத்துவதில்லை. இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று பொறுத்திருந்துவிட்டுத்தான் நிறுத்துகிறார். விழும் இடத்துக்கு ஒரு நிமிடம் முன்பிருந்து ஓட்டிப் பாருங்கள். அதேபோல் சின்னச் சின்ன நடுக்கங்களுக்கும் பொருள் தேட வேண்டாம். நமது வீடியோவில் ஒரு புள்ளி என்பது நான்கு பார்வைகள். கேள்வி பதிலில் கோடு ஓரிடத்தில் ஒரு புள்ளி ஏறியிருக்கிறது என்றால் நான்கு பேர் திரும்பப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரே ஆள் நான்கு முறை பார்த்திருந்தாலும் அப்படித்தான் காட்டும். ஐம்பது அறுபது பார்வைகள் மட்டுமே உள்ள மக்தப் வீடியோவுக்கு இந்தக் கிராஃபைப் படிப்பது வீண் வேலை. அந்தப் பெற்றோர்களில் பத்துப் பேருக்குப் போன் செய்து எதுவரை பார்த்தார்கள் என்று கேட்டுவிடலாம்.

கடைசி நான்கு நிமிடம் நன்றியுரை. 9-லிருந்து 3. இதற்கு விளக்கம் தேவையில்லை.

கிராஃபைப் படித்த பிறகு வீடியோவை மீண்டும் எடுக்கவில்லை. தொடக்கத்து இரண்டரை நிமிடத்தை வெட்டிய பிறகு, 46-லிருந்து 49 வரை இருந்த மூன்று நிமிடத்தைத் தனி வீடியோவாக ஏற்றி, அதன் இணைப்பைப் பட்டியல் வீடியோவின் கீழே முதல் கருத்தாகப் பதித்தோம். பிறகு விளக்கப் பகுதியில் நேரக் குறிப்புகளைச் சேர்த்தோம். இதைச் செய்யத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். விளக்கத்தில் வரிக்கு ஒன்றாக நேரத்தையும் தலைப்பையும் தட்டச்சு செய்தால் யூடியூப் அதை அத்தியாயங்களாகப் பிரித்துக்கொள்ளும். முதல் வரி 0:00 என்று தொடங்க வேண்டும். குறைந்தது மூன்று வரிகள், ஏறு வரிசையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியும் பத்து வினாடிக்குக் குறையக் கூடாது. வெட்டிய பிறகு எல்லா நேரமும் இரண்டரை நிமிடம் முன்னால் வந்துவிட்டதால் இப்படி அமைந்தது:

```
0:00 கிராஅத், வரவேற்பு
10:30 வருமானச் சான்றிதழ்
18:00 முதல் பட்டதாரிச் சான்றிதழ்
24:40 ஆவணப் பட்டியல்
31:30 இடஒதுக்கீட்டின் வரலாறு
43:30 சாதிச் சான்றிதழில் பிரிவின் பெயர் (அவசியம் பார்க்கவும்)
46:30 கேள்வி பதில்
```

பழைய வாட்ஸ்அப் இணைப்புகள் இப்போது பட்டியலைத் தாண்டித் திறக்கும் என்பதால் புதிய நேரத்துடன் கூடிய இணைப்பையும் குழுக்களில் அனுப்ப வேண்டியிருந்தது. நேரக் குறிப்புகளைச் சேர்ப்பவர்கள் இன்னொன்றையும் எதிர்பார்த்திருக்க வேண்டும். இதன் பிறகு சராசரிப் பார்வை நேரம் குறையும். மக்கள் தமக்கு வேண்டிய பகுதிக்கு நேரே போய்ப் பார்த்துவிட்டுப் போவார்கள். கோடு அங்கங்கே மேடும் பள்ளமுமாகக் கந்தலாகத் தெரியும். பொழுதுபோக்குச் சேனல் நடத்துபவருக்கு அது கவலை. சான்றிதழ் வாங்க வேண்டிய குடும்பம் எழுபது நிமிடமும் நம்மோடு உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற ஆசை நமக்கு எதற்கு? நாங்கள் பார்ப்பது ஒரே ஒரு இடத்தைத்தான்: 43:30-ல் கோடு முன்பு போல் தட்டையாகக் கிடக்கிறதா, மேடாக எழும்புகிறதா. மாற்றம் செய்த தேதிக்குப் பிந்தைய நாட்களை மட்டும் தேர்ந்து பார்த்தபோது அங்கே ஒரு மேடு எழுந்திருந்தது. பட்டியலில் எழுந்த அளவுக்கு உயரமில்லை. வரலாற்றுப் பகுதியின் மேல் ஒரு ஆழமான பள்ளம்.

வரலாற்றை வீடியோவிலிருந்து எடுத்துவிடச் சொன்னவர்களும் உண்டு. எடுக்கவில்லை. அதை முழுதாகப் பார்த்தவர்கள் குறைவு என்றாலும், பார்த்தவர்களில் கல்லூரி மாணவர்கள் இருவர் அது பற்றி மேலும் கேட்க அலுவலகம் வரை வந்தார்கள். அதைத் தனி நிகழ்ச்சியாக, வேறொரு நாளில், கேட்க விரும்புகிறவர்களுக்காக நடத்துவதாக முடிவாகியிருக்கிறது. இன்ஷா அல்லாஹ், அடுத்த சேர்க்கைக் காலத்து நிகழ்ச்சியில் சாதிச் சான்றிதழ் பகுதி பட்டியலுக்கு முன்பாகவே வரும். பட்டியலின் மூன்றாவது வரி இனி இப்படி இருக்கும்: "சாதிச் சான்றிதழ் – பிரிவின் பெயருடன்."